அட்டவணைப் படத்தில் வரிசை விட்டதா, கூடியதா: எண்ணிப் பிடிக்கும் வழிமுறை

படத்தில் இருக்கும் அட்டவணையை, படத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலிடம் கொடுத்து எக்செல்லுக்கு மாற்றும்போது, ஓர் எழுத்து தப்பினால் கண்ணில் பட்டுவிடும். ஒரு முழு வரிசையே காணாமல் போனால் படாது. மேலே உள்ள வரிசையும் கீழே உள்ள வரிசையும் ஒட்டிக்கொண்டு, நடுவில் எதுவுமே இல்லாதது போல நிற்கும். இல்லாத வரிசையை மாடல் சேர்த்தாலும் அதே கதைதான். அது மற்ற வரிசைகளைப் போலவே ஒழுங்காக இருக்கும். திரும்பத் திரும்ப இதைச் சரிசெய்ததில் கைக்கு வந்த வழி கீழே. உங்களுக்குத் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம். மற்ற எல்லாமே அந்த ஓர் எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

## எதையும் திறக்கும் முன்: படத்தை எண்ணி எழுதி வையுங்கள்

மாடல் கொடுத்ததைப் பார்ப்பதற்கு முன்பே படத்தில் உள்ள வரிசைகளை எண்ணுங்கள். வெளியீட்டில் 46 என்று பார்த்துவிட்டு எண்ணினால், 45 இருந்தாலும் கண் எப்படியோ 46க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

எண்ணும்போது எது வரிசை, எது இல்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: தலைப்பு வரிசை கணக்கில் இல்லை. கூட்டுத்தொகை வரிசையும், நடுவில் வரும் துணைக் கூட்டுத்தொகையும் கணக்கில் இல்லை. அவற்றைத் தனியாக எண்ணி ஓரமாகக் குறித்துவைப்பேன். ஒரு கட்டத்துக்குள் எழுத்து இரண்டு வரியாக மடங்கியிருந்தால் அது ஒரே வரிசைதான். நீங்கள் வேறு வழக்கம் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, படத்துக்கும் வெளியீட்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

பத்துப் பத்தாக எண்ணி, ஒவ்வொரு பத்தாவது வரிசையின் முதல் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 46 வரிசை அட்டவணை என்றால் ஆறு குறிப்புகள். இரண்டு நிமிட வேலை. மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் தப்பு இருக்கிறது என்றுதான் தெரியும். இந்தப் பத்தாவது வரிசைக் குறிப்புகள் இருந்தால் தப்பு எங்கே என்றும் தெரிந்துவிடும்.

இந்த வேலையை அதே மாடலிடம் விடாதீர்கள். “படத்தில் எத்தனை வரிசை?” என்று கேட்டால் ஓர் எண் வரும். ஆனால் அது படத்தை எண்ணி வந்ததா, ஏற்கெனவே தான் எழுதியதை எண்ணி வந்ததா, பார்வைக்கு இவ்வளவு இருக்கும் என்று சொன்னதா என்று உங்களால் சொல்ல முடியாது. “ஒவ்வொரு வரிசைக்கும் எண் போட்டுக் கொடு” என்பதும் உதவாது. எண் போடுவது மாடல்தான். பதினேழாவது வரிசையை விட்டுவிட்டாலும் பதினெட்டாவதற்கு 17 என்று போட்டுவிட்டுப் போகும். எண் படத்திலேயே இருந்தால்தான் பயன். அட்டவணையில் வரிசை எண் இல்லாவிட்டால், படத் தொகுப்பானில் இடது ஓரத்தில் 1, 2, 3 என்று நீங்களே எழுதிச் சேர்த்து, அதையும் ஒரு நெடுவரிசையாகப் படிக்கச் சொல்லலாம்.

வெளியீட்டை out.csv என்ற CSV கோப்பாகச் சேமித்துவிட்டால், எண்ண இந்தப் பைத்தான் நிரல் போதும்:

```python
import csv
with open("out.csv", encoding="utf-8-sig", newline="") as f:
    rows = [r for r in csv.reader(f) if any(c.strip() for c in r)]
print(len(rows) - 1)
for i in range(10, len(rows), 10):
    print(i, rows[i])
```

வெற்று வரிசைகளை நீக்கி, தலைப்பைக் கழித்து எண்ணிக்கை தரும். பிறகு 10, 20, 30 என்று ஒவ்வொரு பத்தாவது வரிசையையும் காட்டும். உங்கள் தாளில் உள்ள குறிப்போடு ஒத்துப் பாருங்கள்.

## அறிகுறி 1: வெளியீட்டில் வரிசை குறைகிறது

எண்ணிய விதம் தப்பா? செலவே இல்லாத காரணம் இது, அதனால் முதலில். தலைப்பை ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் விட்டிருக்கலாம். `wc -l` கட்டளையால் எண்ணியிருந்தால் அதையும் சந்தேகியுங்கள். அது எண்ணுவது வரி முடியும் குறிகளை மட்டும். கோப்பின் கடைசி வரியில் அந்தக் குறி இல்லையென்றால் ஒன்று குறையும். கட்டத்துக்குள் வரி மடங்கியிருந்தால் ஒன்று கூடும். மேலே உள்ள நிரலால் மறுபடி எண்ணிவிட்டு அப்புறம் கவலைப்படலாம்.

வால் அறுந்ததா? வெளியீட்டின் கடைசி வரிசையையும் படத்தின் கடைசி வரிசையையும் பாருங்கள். இரண்டும் வேறு என்றால், மாடல் எழுதக்கூடிய அளவு தீர்ந்து பாதியில் நின்றிருக்கலாம். நிரல் வழியாக அழைப்பவர்கள் பதிலில் `finish_reason` என்ற இடத்தில் `length` என்றோ, `stop_reason` என்ற இடத்தில் `max_tokens` என்றோ இருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். வரம்பை உயர்த்துங்கள், அல்லது அட்டவணையை இரண்டாக வெட்டிக் கொடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வதை நான் தவிர்ப்பேன். தொடரும் இடத்தில் ஒரு வரிசை இரண்டு முறை வருவதும், ஒன்று தாண்டிப்போவதும் அங்கேதான் அதிகம்.

சில சமயம் வால் அறுபடாமல், நடுவில் மூன்று புள்ளி வைத்தோ “மற்ற வரிசைகளும் இதே போல” என்று எழுதியோ மாடல் சுருக்கிவிடும். கோப்பில் “...” என்று தேடினால் அகப்படும்.

சேர்ந்த கட்டங்களா? ஒரு பிரிவின் பெயர் நான்கு வரிசைக்குப் பொதுவாக ஒரே உயரமான கட்டத்தில் இருந்தால், மாடல் அந்த நான்கில் இரண்டை ஒன்றாக்கிவிடும். அடையாளம் எளிது: குறைந்த வரிசை எப்போதும் அந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கும், ஒரு கட்டத்தில் இரண்டு மதிப்புகள் அடுத்தடுத்து நிற்கும். “பிரிவின் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுது” என்று கேட்டு மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிறது.

நடுவில் தாண்டிவிட்டதா? மிச்சமிருப்பது இதுதான், அடிக்கடி வருவதும் இதுதான். அடுத்தடுத்த இரண்டு வரிசைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் தேடுங்கள். மேல் வரிசையை எழுதி முடித்த மாடல், கீழ் வரிசையையும் எழுதிவிட்டது போலக் கடந்துவிடுகிறது. எழுத்து சின்னதாக இருந்தால் இது கூடும். பெரிய படத்தைக் கொடுத்தாலும் பல சேவைகள் அதைச் சுருக்கித்தான் மாடலிடம் தருகின்றன. ஸ்கேன் கூர்மையாகத்தானே இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மாடல் பார்த்தது வேறு படம்.

இதற்கு மருந்து வெட்டுவது. தலைப்பையும் சேர்த்து ஒரு துண்டில் பத்து முதல் பதினைந்து வரிசை இருக்கும்படி வெட்டுங்கள். கோட்டின் மேலேயே வெட்டுங்கள். எழுத்தின் நடுவில் கத்தி போனால் அந்த வரிசை இரண்டு துண்டிலும் வரலாம், இரண்டிலும் வராமலும் போகலாம். ஸ்கேன் சாய்ந்திருந்தால் முதலில் நிமிர்த்துங்கள். சாய்ந்த படத்தை நேராக வெட்டினால் இடது முனையில் பத்தாவது வரிசையும் வலது முனையில் பதினொன்றாவதும் ஒரே துண்டில் நிற்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எண்ணிய பிறகே ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு எண்ணினால் பிரித்ததன் பலன் போய்விடும்.

## அறிகுறி 2: வெளியீட்டில் வரிசை கூடுகிறது

தலைப்பும் கூட்டுத்தொகையும் உள்ளே வந்தனவா? பல பக்க அட்டவணையில் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு திரும்ப அச்சாகியிருக்கும். கூடுதல் எண்ணிக்கை பக்கங்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவாக இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். கணக்குத் தாள்களில் பக்கத்தின் அடியில் “கீழே கொண்டுசென்றது”, மேலே “முன்பக்கத்திலிருந்து” என்று ஒரே தொகை இரண்டு முறை இருக்கும். இவை வரிசையாக நுழைந்தால் எண்ணிக்கையோடு கூட்டுத்தொகையும் ஊதிப்போகும்.

மடங்கிய வரியா? நீளமான விவரம் கட்டத்துக்குள் இரண்டு வரியாக மடங்கியிருந்தால், இரண்டாவது வரியை மாடல் தனி வரிசையாக எடுத்துக்கொள்ளும். அந்த வரிசையில் மற்ற கட்டங்களை வெறுமையாக விட்டால் நமக்கு அதிர்ஷ்டம், உடனே தெரிந்துவிடும். வெறுமையாக இருக்கக்கூடாது என்று மேல் வரிசையின் குறியீட்டையும் அளவையும் இழுத்துப் போட்டுவிட்டால்தான் சிக்கல். அப்போது அது நிஜ வரிசை போலவே தெரியும். குறியீடு முதல் நெடுவரிசையில் இருந்தால் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
cut -d, -f1 out.csv | sort | uniq -d
```

ஒன்றுக்கு மேல் வரும் குறியீடுகளை மட்டும் காட்டும். காட்டிய உடனே அழித்துவிடாதீர்கள். ஒரே பொருள் அசல் தாளிலேயே இரண்டு முறை பதிவாகியிருக்கலாம். படத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா? வெட்டும்போது பாதுகாப்புக்காக ஒன்றிரண்டு வரிசை பொதுவாக வரும்படி விட்டிருந்தால், ஒட்டும் இடத்தில் அவை இரட்டையாகும். இரட்டிப்பு எல்லாம் துண்டுகளின் ஓரத்திலேயே இருந்தால் இதுதான். பொதுவான பகுதியே வேண்டாம் என்பது என் கருத்து. கோட்டில் வெட்டினால் அதற்குத் தேவை வருவதில்லை.

ஒரே வரிசை சுற்றிச் சுற்றி வருகிறதா? ஒன்றிரண்டு வரிசைகள் இருபது, முப்பது முறை திரும்பத் திரும்ப வந்தால் மாடல் சுழலில் சிக்கிவிட்டது. அந்த வெளியீட்டைத் திருத்த முயல வேண்டாம், தூக்கிப் போட்டுவிட்டு துண்டு துண்டாகக் கொடுங்கள். சுழல் தொடங்கும் இடத்துக்கு முன்பிருந்த வரிசைகளையும் நம்ப வேண்டாம்.

இல்லாததை எழுதிவிட்டதா? கடைசி ஐந்து வரிசைகளை ஒவ்வொன்றாகப் படத்தில் தேடுங்கள். தேதியோ தொடர் எண்ணோ சீராக ஏறிக்கொண்டு வரும் அட்டவணையில், படம் முடிந்த பிறகும் மாடல் அந்தச் சீரைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு மூன்று வரிசை எழுதிவிடும். கோடு போட்டு நிரப்பாமல் விட்ட கட்டங்கள் அடியில் இருந்தால் இந்த ஆசை இன்னும் கூடும். வெற்றுக் கோடுகளை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

## அறிகுறி 3: எண்ணிக்கை சரி, கூட்டுத்தொகை உதைக்கிறது

எண்ணிக்கை ஒத்துப்போனதும் வேலை முடிந்தது என்று மூடிவைப்பது வழக்கம். ஒரு வரிசை விட்டுப்போய் இன்னொன்று இரட்டித்தால் எண்ணிக்கை மாறாது. அதனால் கூட்டக்கூடிய ஒரு நெடுவரிசையாவது இருந்தால் அதைக் கூட்டிப் பார்ப்பதை எண்ணுவதோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் இருப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். மூன்று நெடுவரிசைகள்: குறியீடு, விவரம், அளவு. படத்தில் எண்ணினால் 46 வரிசை. அடியில் அச்சாகியிருக்கும் மொத்த அளவு 1,284. வெளியீட்டிலும் 46 வரிசை. ஆனால் அளவைக் கூட்டினால் 1,291 வருகிறது. ஏழு அதிகம்.

ஏழு என்று ஒரு வரிசையைத் தேடினால் அகப்படாது, ஏனென்றால் ஒன்று கூடி ஒன்று குறைந்ததன் வித்தியாசம்தான் இது. முதலில் மலிவான சோதனை: `uniq -d` ஓட்டினால் K-146 இரண்டு முறை வருகிறது. படத்தில் K-146 ஒரே வரிசைதான். விவரம் நீளமாக இருந்ததால் இரண்டு வரியாக மடங்கியிருக்கிறது. மாடல் இரண்டாவது வரியைத் தனி வரிசையாக்கி, குறியீட்டையும் 25 என்ற அளவையும் மேலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறது. அந்த வரிசையை நீக்கி, விவரத்தின் இரண்டு பாதியையும் சேர்த்தால் 45 வரிசை, கூட்டுத்தொகை 1,266.

இப்போது 1,284 வர 18 குறைகிறது, ஒரு வரிசையும் குறைகிறது. ஆகவே தேட வேண்டியது அளவு 18 உள்ள ஒரு வரிசை. படத்தில் 18 பல இடத்தில் இருக்கலாம். இங்கேதான் பத்தாவது வரிசைக் குறிப்புகள் கைகொடுக்கின்றன. தாளில் எழுதியிருந்தது: பத்தாவது K-114, இருபதாவது K-127, முப்பதாவது K-139. நீக்கிய பிறகு வெளியீட்டில் பத்தாவது K-114, இருபதாவது K-127, இரண்டும் ஒத்துப்போகின்றன. முப்பதாவது K-140. ஒன்று முன்னால் வந்துவிட்டது. விட்டுப்போன வரிசை 21க்கும் 30க்கும் நடுவில்தான்.

படத்தில் அந்தப் பத்து வரிசையை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் K-132, K-133 இரண்டின் விவரமும் எழுத்துக்கு எழுத்து ஒன்று, அளவு மட்டும் வேறு. K-133இன் அளவு 18. வெளியீட்டில் K-132க்கு அடுத்து K-134 நிற்கிறது. K-133ஐச் சேர்த்தால் 46 வரிசை, 1,284. மறுபடி 10, 20, 30, 40 நான்கையும் ஒத்துப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: எதையும் நீக்காமல் முதலில் கிடைத்த வெளியீட்டிலேயே நாற்பதாவது வரிசை K-152 என்று சரியாகத்தான் இருந்தது, கடைசி வரிசையும் சரியாகத்தான் இருந்தது. 21 முதல் 30க்குள் ஒன்று விட்டு, 31 முதல் 40க்குள் ஒன்று கூடி, சமன் ஆகிவிட்டது. முதலும் கடைசியும் மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது.

எந்த வரிசையும் விடவில்லை, இரட்டிக்கவும் இல்லை, பத்தாவது குறிப்புகள் எல்லாம் ஒத்துப்போகின்றன, ஆனாலும் கூட்டுத்தொகை உதைக்கிறது என்றால் அது எழுத்துப் பிழை: 1ஐ 7ஆகவோ 3ஐ 8ஆகவோ படித்திருக்கும். அது வேறு வேலை, வரிசை எண்ணுவதில் பிடிபடாது. அசல் தாளிலேயே கூட்டல் தப்பாக இருப்பதும் உண்டு. தாளில் உள்ள அளவுகளை நீங்கள் கூட்டி அச்சான மொத்தம் வராவிட்டால், மாடலைத் திட்டாமல் அப்படியே குறிப்பு எழுதி வையுங்கள்.

## அறிகுறி 4: வரிசை எண் சந்தேகப்படும்படி ஒழுங்காக இருக்கிறது

அசல் தாளில் 31க்கு அடுத்து 33 இருக்கிறது, அல்லது 31அ என்று ஒன்று இருக்கிறது. வெளியீட்டில் 31, 32, 33 என்று பிசிறில்லாமல் ஓடுகிறது. மாடல் எண்ணைப் படிக்காமல் தானே போட்டுக்கொண்டு போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். சில சமயம் 32ஐ நிரப்ப ஒரு வரிசையையே உண்டாக்கிவிடும்.

வரிசை எண் நெடுவரிசையை மட்டும் வெட்டித் தனிப் படமாகக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். முழு அட்டவணையின் எண்களோடு ஒப்பிட்டால் எங்கே பிரிகிறது என்று தெரியும். கேட்கும்போது “எண்கள் விட்டுப்போயிருந்தால் அப்படியே விடு, வாசிக்க முடியாவிட்டால் கேள்விக்குறி போடு” என்று சொல்லிவிடுங்கள். கேள்விக்குறி போட அனுமதி இல்லாத இடத்தில்தான் மாடல் கைக்கு வந்ததைப் போடுகிறது.

## அறிகுறி 5: ஓட்டும்போதெல்லாம் எண்ணிக்கை மாறுகிறது

ஒருமுறை 46, மறுமுறை 45 என்றால் இரண்டு வெளியீட்டையும் `diff` கொண்டு ஒப்பிடுங்கள். மாறும் இடம்தான் மாடல் தடுமாறும் இடம். படத்தில் நேராக அங்கே போய்ப் பாருங்கள். எது அதிக முறை வந்ததோ அதுவே சரி என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு வரிசை இருக்கும் இடத்தில், ஓட்டும்போதெல்லாம் ஒரே வரிசையை விடவும் செய்யும்.

## எப்போது ஆள் கூப்பிட வேண்டும்

மடிப்பிலோ, முத்திரை மையின் அடியிலோ வரிசை மறைந்து, பெரிதாக்கியும் உங்கள் கண்ணுக்கே எத்தனை வரிசை என்று தெரியவில்லையென்றால், மாடலை மாற்றிப் பயனில்லை. அசல் தாள் வைத்திருப்பவரிடம் மறு ஸ்கேன் கேளுங்கள்; 300 டிபிஐ, தட்டையாக வைத்து எடுத்தது. கைப்பேசியில் எடுத்த வளைந்த படத்தோடு மல்லுக்கட்டுவதைவிட அது மலிவு.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்றால் கையால் எண்ணி முடியாது. கோடு போட்ட அட்டவணையாக இருந்தால், படத்தில் உள்ள கிடைக்கோடுகளைக் கண்டுபிடித்து எண்ணும் நிரலை ஓப்பன்சிவி கொண்டு எழுதித் தர ஒரு நிரலாளரிடம் கேளுங்கள். பக்கத்துக்கு எத்தனை வரிசை என்ற எண் மாடலைச் சாராமல் கிடைக்கும். ஒத்துப்போகாத பக்கத்தை மட்டும் மனிதர் பார்த்தால் போதும். கோடு இல்லாத அட்டவணையில் எழுத்துக்கு நடுவே உள்ள வெற்று இடத்தை வைத்து எண்ண வேண்டிவரும், மடங்கிய வரிகள் அதைக் குழப்பும். அந்தச் சந்தேகத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்து அளவு, நில அளவை, தணிக்கைக்குப் போகும் கணக்கு போன்றவை என்றால் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனாலும் நான் அத்தோடு விடமாட்டேன். தட்டச்சு அனுபவம் உள்ள இருவர், ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காமல், படத்திலிருந்து நேராக உள்ளிட வேண்டும். இரண்டையும் மாடல் கொடுத்ததோடு ஒப்பிட்டு, வேறுபடும் வரிசைகளை அந்தத் துறை தெரிந்தவரிடம் அசல் தாளோடு கொடுங்கள்.